பார்வை எண்

சிதம்பரம் பக்கத்து எங்கள் பால் சங்கத்துக்கு நான் தலைவர், பிரிசில்லா செயலாளர். எந்தச் சட்டப்பிரிவு, எந்தத் துணைவிதி, எந்த முந்தைய தீர்மானம் என்று எண் தெரியாமல் நடவடிக்கைப் புத்தகத்தில் பேனாவை வைக்கமாட்டார். எனக்கு எரிச்சலாக வரும்.

ஆறு மாதமாகப் பால் ஊற்றாத சந்திரலேகாவை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கச் சொன்னேன்.

"துணைவிதி ஒன்பதுன்னு போடுங்கம்மா."

"அதுலயே ரெண்டாவது உட்பிரிவுல, மாடு செத்துட்டா குழு ஒரு வருஷம் டைம் குடுக்கலாம்னு இருக்குதுங்க. அவுங்களுக்குக் குடுத்திருக்கோம், தீர்மானம் பதினாறு. உங்க கையெழுத்துதான்."

புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். தை மாதம் சந்திரலேகா புது மாட்டின் பாலோடு வந்து நின்றார்.

போன வாரம் பிரிசில்லா ஓய்வு பெற்றார். பாராட்டுத் தீர்மானத்தை நானே எழுதினேன். எண் இல்லாவிட்டால் விடமாட்டாரே என்று மூன்று நாள் பீரோவிலிருந்த பழைய புத்தகங்களையெல்லாம் புரட்டினேன்.

"பார்வை: 14.6.1994 கூட்டத் தீர்மானம் எண் 7, பிரிசில்லாவை எழுத்தராக நியமித்தது."

வாங்கிப் படித்த பிரிசில்லா அந்த வரியில் வைத்த விரலை எடுக்கவே இல்லை.

"துணைவிதி எண் போடலீங்களே" என்றார்.