எட்டு விளக்கும் நாற்பது பேரும்

மலாயாவில் அவசரகாலம் முடியப்போகிற நேரம். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்காக எங்கள் தோட்டத்தைச் சுற்றிப் போட்ட முள்கம்பி அப்படியே இருந்தது. இருட்டுவதற்குள் எல்லாரும் உள்ளே வந்துவிட வேண்டும். இந்த நிலையில் என் அக்காள் புருஷன், தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணி, மகளுக்குக் குளுகுளு கல்யாணம் நடத்த ஆசைப்பட்டார். அந்த ஆசையும் அவருடையது அல்ல. மாப்பிள்ளையின் தாயார் கோலாலம்பூர்க்காரி. வேர்வையில் நனைந்துகொண்டு தாலி கட்டவிட மாட்டேன், வேர்த்தால் எழுந்து போய்விடுவேன் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்.

துரைமார் கிளப் மண்டபத்தில் இரண்டு ஏர்கண்டிஷன் பெட்டிகள் இருந்தன. பத்துப் பதினைந்து வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்து குடிப்பதற்காக ஜன்னலில் பொருத்தியவை. துரை ஒரு நாளுக்குத் தந்தார். மச்சான் காலி மண்டபத்தில் கதவைச் சாத்தி, அரை மணி நேரம் உட்கார்ந்து பரீட்சை செய்தார். துண்டைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தார்.

"நடுங்குது மச்சான். கேமரன் மலை மாதிரி இருக்கு லா."

சிரம்பானில் குளிர்பெட்டி ரிப்பேர் செய்து பிழைப்பவன் நான். மணப்பெண்ணின் தாய்மாமனும் நானே.

"நீங்க ஒருத்தர் உள்ள இருந்தா நடுங்கத்தான் செய்யும். நூத்தி இருபது பேர் வர்றாங்க. சும்மா உக்காந்திருந்தாலே ஒரு ஆளு நூறு வாட் பல்பு மாதிரி சூடு விடுவான். அதோட வேர்வை வேற. அந்த ஈரத்தையும் பெட்டிதான் பிழிஞ்சு வெளிய ஊத்தணும்."

"எங்க சொந்தக்காரங்க என்ன அடுப்பா?"

அடுப்புதான். சொன்னால் கோபம் வரும். சொன்னேன். வந்தது.

கடையிலிருந்து இன்னும் இரண்டு பெட்டிகளை வாடகைக்கு ஏற்றி வந்து பின்ஜன்னல்களில் மாட்டினேன். அப்போதுதான் தெரிந்தது, மாப்பிள்ளை வீட்டார் தனியாக ஒரு போட்டோக்காரரை ஏற்பாடு செய்திருக்கிறார்கள், அவர் ஐந்நூறு வாட்டில் எட்டு விளக்கு கொண்டு வருகிறார் என்பது. தோட்டத்துக்குக் கரண்ட் தரும் எஞ்சினைப் பார்த்துக்கொள்பவர் கையை விரித்துவிட்டார்.

"தம்பி, வெளக்கா, புதுப் பெட்டியா, ஒண்ணு சொல்லு. ரெண்டையும் போட்டா எஞ்சின் படுத்துரும்."

மச்சான் யோசிக்கவே இல்லை. விளக்கு என்றார். போட்டோ பேரப்பிள்ளைகள் வரை இருக்குமாம். குளிர் அப்படியா இருக்கும்? புதுப் பெட்டிகள் இரண்டும் ஊமையாக ஜன்னலில் உட்கார்ந்தன. அவற்றின் மேல் யாரோ பூச்சரம் வேறு தொங்கவிட்டார்கள்.

கல்யாணத்தன்று பழைய பெட்டிகளை விடியும்போதே ஓடவிட்டேன். முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் லாரிகள் வந்தன. கேட்டில் சோதனை முடிந்து எல்லாரும் ஒரே மூச்சில் உள்ளே வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கேமரன் மலைக் குளிர் காணாமல் போனது. விளக்குகளைப் போட்டதும் மேடை ரொட்டி அடுப்பானது. ஐயர் அங்கவஸ்திரத்தால் விசிறிக்கொண்டார். கோட்டு போட்ட மாப்பிள்ளை வெளுத்துப்போனான். பெண்ணின் பொட்டு மூக்குக்கு வந்தது.

சம்பந்தியம்மாள் எழுந்தார். உண்மையாகவே எழுந்தார்.

"இதுக்குப் பேரு ஏர்கண்டிஷனா? டேய் தம்பி, எந்திரிடா. மூச்சு விட்டுட்டு வந்து பாத்துக்கலாம்."

மேடையிலிருந்து எழுந்த மாப்பிள்ளை திரும்பி வருவானா என்பது யாருக்குத் தெரியும்? அக்காள் மகள் தலையைக் குனிந்து அழ ஆரம்பித்தாள். மச்சான் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"பின்னால லயத்து ஆளுங்க நிக்கிறாங்கல்ல, ஒரு நாப்பது பேர வெளிய அனுப்பு. சூடு கொறையும்."

கணக்கு என்னமோ சரிதான். ஆனால் லயத்து வீடுகளில் குடியிருக்கும் அந்த நாற்பது தொழிலாளிகள்தான் முதல் நாள் முழுக்கப் பந்தலுக்கு மூங்கில் சுமந்தவர்கள்.

"லயத்து ஆளுக்கும் உங்க சம்பந்திக்கும் ஒரே சூடுதான் மச்சான். ஒரு வெளக்கு அஞ்சு ஆளு. எட்டு வெளக்கு நாப்பது ஆளு. வெளக்க அணைச்சா கோவிச்சுக்க அதுங்களுக்குச் சொந்தபந்தம் யாரும் இல்ல."

அவர் பதில் சொல்வதற்குள் மேடைக்குப் பின்னால் போய் எட்டு விளக்கையும் அணைத்தேன். போட்டோக்காரர் தன் கழுத்தை நெரித்த மாதிரி கத்தினார். புதுப் பெட்டிகளின் ஸ்விட்சை ஒவ்வொன்றாகத் தட்டினேன். இரண்டையும் சேர்த்துத் தட்டினால் கிளம்புகிற இழுப்பிலேயே எஞ்சின் நின்றிருக்கும். விளக்கு அணைந்ததுமே மேடைச் சூடு இறங்கிவிட்டது. மண்டபம் மெல்ல மெல்ல ஆறியது. பெட்டிகளின் பின்பக்கம் எங்கள் எல்லாருடைய வேர்வையும் குழாய் மாதிரி கொட்டியது. சம்பந்தியம்மாள் உட்கார்ந்தார். மாப்பிள்ளை தாலி கட்டினான்.

சாப்பாட்டுப் பந்தியில் மச்சான் எல்லாரிடமும், "நாலு பெட்டி போட்டேன் லா, சும்மாவா!" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சம்பந்தியம்மாள் என்னைக் கூப்பிட்டார். நன்றி சொல்லத்தான் என்று நினைத்து, முட்டாள் மாதிரி கையைத் துடைத்துக்கொண்டு போனேன்.

"குளுருல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா தாலி கட்டுறப்ப ஒரு வெளக்கு போட வக்கில்லையா உங்களுக்கு?"