புதுக் கடையில் எட்டாம் நம்பர்

செருப்புக்கடைக்காரருக்கு மண்டைக் குடைச்சல். இரண்டாவது கடை திறந்ததிலிருந்து வாடகைக்குக்கூட வியாபாரம் தேறவில்லை. ஆரம்பத்தில் கையைக் கடிக்கும் என்று அவருக்கும் தெரியும். ஆனால் உள்ளே வருகிறவர்கள் எல்லோரும் ஏன் வெறுங்கையோடு திரும்புகிறார்கள்? பழைய கடையில் மட்டும் விற்பனை எப்படி ஏறுகிறது?

புதுக் கடையைக் கவனிக்கும் மச்சானிடம் போய், வாடிக்கையாளர் மாதிரி உட்கார்ந்து காலை நீட்டினார்.

"எட்டாம் நம்பர்ல ஒரு ஜோடி எடுப்பா."

மச்சான் அசையவே இல்லை.

"எட்டு இங்க ஏது மாமா? அங்க விக்காத அஞ்சையும் பன்னெண்டையும்தானே மூட்டை கட்டி அனுப்புறீங்க? எட்டு கேக்குறவங்களை உங்க பழைய கடைக்குத்தான் வழி சொல்லி அனுப்புறேன். அங்க வியாபாரம் நல்லா ஓடுதாமே?"