மூன்றில் ஒரு பங்கு

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. யாராவது ஓர் ஆசிரியை கடன் எடுத்தால் மற்ற இருவர் பிணை நிற்போம். இன்று அவளுக்கு நான், நாளை எனக்கு அவள். அதனால் வங்கியில் வேலை செய்த ஐயா “இன்னொருவரையும் சேர்த்தால் முழுத்தொகையும் கிடைக்கும்” என்றபோது, நான் அதையும் பிணை என்றே நினைத்தேன். “தம்பி, வெள்ளிக்கிழமை வந்து ஒரு கையெழுத்து வைச்சிட்டுப் போ” என்று சொல்லித்தான் என் தம்பியைக் கூட்டிப் போனேன்.

களுதாவளையில் அம்மாவுக்குச் சீதனக் காணியாக வந்த வளவில் எங்கள் வீடு சண்டையில் ஷெல் விழுந்து போனபின், நாலு வருடமாகத் தகரக் கொட்டிலில் இருந்தோம். எங்கள் குடும்பத்தில் முதன்முதல் படித்து உத்தியோகம் எடுத்தவள் நான். அந்த வளவில் கல்வீடு என் சம்பளத்தில்தான் எழும்ப வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

வங்கிக் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. கைக்கு வரும் சம்பளத்தில் ஐந்தில் இரண்டு பங்கைத்தான் மாதத் தவணைக்கு எடுப்பார்களாம். என் சம்பளத்துக்கு வரும் கடன் சுவர் மட்டத்தோடு நின்றுவிடும். தம்பி தொண்டு நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுபவன். அவனுடைய மோட்டார் சைக்கிள் லீசிங் தவணையைக் கழித்து, மிச்சத்தை என் சம்பளத்தோடு சேர்த்துப் பார்த்தால் கூரைக்கும் காணும்.

வளவு எந்தக் கரையில் என்று கேட்டார் ஐயா. வாவிக்கு இந்தப் பக்கம், எழுவான்கரை என்றதும் அவர் முகம் இளகியது. வாவிக்கு அப்பால், போராளிகளின் கையில் இருந்த படுவான்கரையில் இருந்திருந்தால் படிவமே தந்திருக்க மாட்டார். அடுத்துத் தம்பியைப் பார்த்தார்.

“நீங்கள் பிணை இல்லை, தம்பி. முதல் நாளே கடன்காரர். டீச்சர் ஒரு மாதம் கட்டாவிட்டால் முழுத்தவணையையும் உங்களிட்டக் கேட்போம். உங்களுக்குள்ள எப்படிப் பிரிக்கிறீங்கள் எண்டது எங்களுக்குத் தேவையில்லை. பிறகு நீங்கள் வேற கடன் கேட்டு வந்தா, இதையும் உங்கட தலையிலதான் கணக்குப் பார்ப்பம்.”

“எனக்கு வாறவ வீட்டோடதான் வருவா, ஐயா. நான் ஏன் கடன் கேக்கிறன்?” என்றான் தம்பி.

ஐயா சிரித்துவிட்டார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை கல்யாணம் கட்டிய இடத்துக்குப் போய்விடுவான்.

வரியைப் பற்றியும் கேட்டேன். அரச ஊழியரின் சம்பளத்துக்கு அப்போது வருமான வரி கிடையாது. ஆகவே வீட்டுக் கடனுக்குக் கிடைக்கும் வரிச் சலுகையால் எனக்கு ஒரு பயனும் இல்லை. தம்பிக்கோ மாதாமாதம் சம்பளத்திலேயே வரி வெட்டினார்கள். முதல் வீட்டுக்கென்று அவன் உண்மையாகக் கட்டிய பங்குக்கு, சட்டம் வைத்த எல்லைக்குள் அவன் சலுகை கேட்கலாம். ஆனால் அம்மா எனக்கு எழுதித் தரவிருந்த வளவின் உறுதிப் பத்திரத்திலும் அவன் பெயர் இருக்க வேண்டும் என்றார் ஐயா.

அன்று பின்னேரம் கொட்டில் வாசலில் அம்மா வெடித்தாள்.

“பொம்புளப் புள்ளட வளவில ஆம்புளப் புள்ளட பேரா? நாளைக்கு இவன்ட பொண்டாட்டி வந்து என்ட அடுப்படியில பங்கு கேப்பாள் கா!”

“அவளுக்கு அவளுட அடுப்படி இருக்கும், அம்மா” என்றான் தம்பி. “உறுதியில பேர் வேணாம். சலுகையும் வேணாம். கடனில மட்டும் கையெழுத்து வைச்சு, தவணையில மூண்டில ஒண்டு கட்டிறன்.”

எனக்கு அது நன்றாகத்தான் பட்டது. வீடு முழுவதும் எனக்கு, கூரை அவன் தயவில். அப்படியே விட்டிருப்பேன்.

திங்கட்கிழமை படிவம் கொடுக்கப் போகும் வழியில், சோதனைச் சாவடியில் படையினர் எல்லோரையும் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். இளந்தாரிப் பையன்களை வேறு வரிசையில் விட்டார்கள். நான் இந்தப் பக்கம் வந்துவிட்டேன். தம்பி வெயிலில் அடையாள அட்டையைப் பிடித்தபடி நின்றான். கையில் இருந்த படிவத்தைப் பார்த்தேன். தவணையில் மூன்றில் ஒரு பங்கு அவன் கட்டப் போகிறான். எனக்கு ஏதும் நடந்தால் முழுக்கடனும் அவன் தலையில். வளவில் ஒரு சாண் கிடையாது. பிள்ளைகளுக்கு வீதக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறவள் நான். வெட்கமாக இருந்தது.

அவன் வந்து சேர்ந்ததும், “இண்டைக்குப் படிவம் குடுக்கிறேல்ல. உறுதி எழுதிற நொத்தாரிசிட்டப் போறம்” என்றேன்.

“அம்மா உன்னைக் கொட்டிலுக்கு வெளியால கலைப்பா.”

“கலைக்கட்டும். எத்தின பங்கு கட்டிறியோ, அத்தின பங்கு உனக்கு.”

அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் சேலை மாற்றிக்கொண்டு வந்து, நொத்தாரிசிடம் போக பஸ்ஸுக்குக் காசு கேட்டாள். மீளப் பெற முடியாத நன்கொடை என்று நொத்தாரிசு வாசித்தபோது, “குடுத்ததைத் திருப்பிக் கேக்க நான் என்ன கடைக்காரியா?” என்று சொல்லிப் பெருவிரலை மையில் வைத்தாள். எனக்கு இரண்டு பங்கு, தம்பிக்கு ஒன்று.

கடன் முழுத்தொகைக்கும் கிடைத்தது. மாரி தொடங்குமுன் ஓடு போட்டு முடிந்தது. பார்க்க வந்தவர்களிடம் அம்மா, “என்ட மகள் கட்டின வீடு” என்றாள். நான் தம்பியைப் பார்த்தேன். அவன் முற்றத்தில் மிச்ச ஓடுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். “தம்பியும்தான், அம்மா” என்று நான்தான் சொன்னேன்.