உறங்கினவனுக்குக் கேட்ட குரல்

பேய் பிசாசுன்னு எவனாவது ஆரம்பிச்சா நான் எந்திரிச்சுப் போயிருவேன் வே. பாளையங்கோட்டையில ஒரு காலேஜ்ல தமிழ் வாத்தியாரா இருந்தவன், எனக்குக் கதைன்னா கதைதான். இதையும் நீரு விடாமக் கேட்டதுல அலுத்துப்போயிதான் சொல்லுதேன், நீரு நம்புனா நம்பும்.

தொண்ணூத்தி ஆறோ ஏழோ, சித்திரை வெயிலு, மத்தியான வகுப்பு. கதைசொல்லி பத்திப் பாடம். ‘நான்’னு சொல்லுதவன் தான் பாத்தது, கேட்டது, நெனச்சதைத்தான் சொல்ல முடியும், அடுத்தவன் மனசுக்குள்ள போக முடியாது, படர்க்கையில எழுதுதவன் ஒருத்தன் தோளோட ஒட்டியும் நிக்கலாம், எல்லார் மனசுக்குள்ளயும் போயிட்டு வரலாம்னு சொன்னேன். நம்பத்தகாத கதைசொல்லிக்கு உதாரணம் வேணுமே, வாயில வந்ததைச் சொன்னேன்: “எங்க அண்ணன் ஆத்துல முங்கினப்போ நான் கரையில உறங்கிட்டேன். அவன் ரெண்டு தடவை கூப்பிட்டது எனக்குக் கேக்கவே இல்ல.”

முதல் பெஞ்சு செல்வி எந்திரிச்சா. “சார், கேக்கலன்னா ரெண்டு தடவைன்னு எப்படித் தெரியும்?”

“அதான்மா. இவன் சொல்லுதது பொய்னு எழுதினவன் வந்து சொல்ல மாட்டான். சொல்லுதவன் பேச்சே ஒரு இடத்துல இடிக்கும், வாசிக்கவங்கதான் புடிச்சிக்கிடணும். அதுக்காக அவன் பொய்யனாத்தான் இருக்கணும்னு இல்ல. விவரம் தெரியாத புள்ளையா இருக்கலாம், தன்னையே ஏமாத்திக்கிடுதவனா இருக்கலாம்.”

சொல்லிட்டுச் சாக்குக்கட்டியைக் கீழ வச்சேன். அது நான் கட்டின கதை இல்ல வே. எனக்குப் பத்தொம்பது வயசுல, ஆழ்வார்திருநகரி ஆத்துலதான் எங்க அண்ணன் போனான். உறங்கிட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லி எனக்கே நெசமாயிட்டு.

அதே சம்பவத்தை வேற ஆள் பார்வையில எழுதுங்கன்னு சொல்லிட்டு உக்காந்துட்டேன். வகுப்புல பதினெட்டுப் பேரு. வீட்ல வந்து எண்ணினா பத்தொம்பது தாளு.

பேரில்லாத தாளு ஒண்ணு. ‘நான்’னு எழுதியிருந்தது தண்ணிக்குள்ள கிடக்கவன். அங்கன இருந்து என்ன தெரியுமோ அது மட்டுந்தான் இருந்துச்சு: கரை, மருதமரம், எந்திரிச்சு உக்காந்திருக்க தம்பி. “குட்டான்னு ரெண்டு தடவை கூப்பிட்டேன். என்னையத்தான் பாத்தான். ஏன் வரலன்னு எனக்குத் தெரியாது.”

குட்டான்னு என்னை அண்ணனைத் தவிர யாரும் கூப்பிட்டதில்ல. எழுதினவன் ஒரு வரியிலகூட என் மனசுக்குள்ள வரல வே. வந்திருந்தா, பயத்துல எனக்குக் காலு மரத்துப்போனது தெரிஞ்சிருக்கும்.

மறுநா வகுப்புல கேட்டேன், அது எங்க எழுத்து இல்லன்னுட்டாங்க. பஸ் ஏறி ஊருக்குப் போனேன். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கிட்டிருந்தா.

“அம்மா, அன்னைக்கு நான் உறங்கல. அண்ணன் கூப்பிட்டது கேட்டுச்சு.”

அவ தலையத் தூக்கல. “தெரியும்லே. அன்னைக்குச் சாயங்காலமே வந்து சொன்னான். தம்பியை வையாதம்மான்னான். தலையெல்லாம் ஈரம், துண்டு கேட்டான், குடுத்தேன்.”

அன்னைக்குச் சாயங்காலம் அவனை ஆத்துல தேடிக்கிட்டிருந்தாங்க வே. மறுநாக் காலையிலதான் கரையேத்தினாங்க. கழுத்துல ஒரு துண்டு கிடந்துச்சு. நாங்க ரெண்டு பேரும் துண்டே கொண்டு போகல.