ஐந்து லட்சம் முதல்

பெங்களூரு பொம்மசந்திராவில் தட்டை, முறுக்கு போட்டு விற்கும் அக்காவின் பிராண்டுக்கு இன்ஸ்டாகிராம் வாசகங்கள் எழுதித் தருவது என் வேலை. ஃபிரான்சைஸ் எடுத்து அவர் பெயரில் கடை நடத்த ஆள் தேடினார். 'வெறும் ஐந்து லட்சம் முதல்! லாபம் உறுதி!' என்று எழுதி, பேக்கிங் ஷெட்டில் அவரிடம் போனை நீட்டினேன். கொஞ்சம் கர்வம்கூட எனக்கு.

அக்கா முகத்தைச் சுளித்தார். "முதல்னு போட்டிருக்கியே, முடிவு எங்கப்பா? பெரிய கடைன்னா எட்டு ஆகும், அதையும் போடு. லாபம் உறுதின்னு நான் எப்படிச் சொல்றது? எடுத்துடு."

எடுத்தேன். அவர் விடவில்லை, இன்னும் எழுதச் சொன்னார். மெஷின், போர்டு, முதல் சரக்கு, பத்து நாள் பயிற்சி எல்லாம் அந்தத் தொகைக்குள் அடக்கம். முதல் மாதம் எங்கள் ஆள் ஒருவர் கடையில் கூட நிற்பார். கடை அட்வான்ஸ், வாடகை, ஆள் சம்பளம் தனி. கடைசி வரியையும் அதே அளவு எழுத்தில் போடச் சொன்னார். "பத்து மாச வாடகையை அட்வான்ஸா கேக்கற ஊருப்பா இது."

இப்படி எழுதினால் எவன் கூப்பிடுவான் என்று எனக்கு எரிச்சல்.

மறுநாள் நான் அங்கிருக்கும்போதே விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்து ஆனேக்கல்லிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். அக்கா ஸ்பீக்கரில் போட்டார். "அட்வான்ஸையும் சேத்துக் கூட்டிப் பாத்தேங்க, நமக்குக் கட்டாது. வீட்டு நகைய அடகு வெக்கலாம்னு இருந்தேன், விட்டுட்டேன். அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

வந்த ஒரே ஆளும் போய்விட்டாரே என்று முனகினேன். அக்கா ஒரு முறுக்குப் பாக்கெட்டைப் பிரித்து என்னிடம் நீட்டினார்.

"நீ எழுதினது நல்லா வேலை செய்யுதுப்பா."