பத்திரமாக வைத்த பூட்ஸ்

தன் வீட்டுக் குளியலறையில் "ஸ்ஸ்" என்று தங்கையின் முனகல் கேட்டு அக்கா ஓடினாள். குதிகால் கொப்புளத்தின் தோலைத் தங்கை உரித்துவிட்டிருந்தாள். அருகே பளபளக்கும் புது பூட்ஸ். நாளை மறுநாள் இருவரும் பத்து நாள் நடைப்பயணம் கிளம்ப வேண்டும்.

"பன்னெண்டு வாரமா நடந்து பழகுறேன்னு தினம் போன்ல அளந்தியே?"

"நடந்தேன்க்கா, செருப்புல. பூட்ஸ் பயணத்துக்குப் புதுசா இருக்கட்டும்னு வச்சிருந்தேன். நேத்துதான் முதல் தடவையா போட்டு நடந்தேன்."

"பட்டுப்புடவையா அது, பீரோல பூட்டி வைக்க?"

அக்கா நர்ஸ் வேலை பார்த்தவள். கோபத்திலும் புண்ணைச் சோப்பு நீரில் கழுவி, வாசலின் தடவி, ஒட்டாத கட்டுப் போட்டாள்.

"நான் தனியா போறேன்."

"அக்கா, ஒரு வருஷமா ஆசைப்பட்டேன்."

"ஆறினதும் அந்த பூட்ஸை வீட்டுக்குள்ள போட்டு நட. அப்புறம் ஆசைப்படு."

தங்கை செருப்பில் நொண்டியபடி வெளியேறினாள். அக்கா கண்ணீரோடு கதவைச் சாத்தினாள்.