மகளின் நாக்கு வேல்

தைப்பூசத்துக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. நாக்கில் சின்ன வேல் குத்த நேர்ந்திருப்பதாக மகள் பினாங்கு போகும் ஃபெரியில் வைத்துச் சொன்னாள். கடல் பாலாடை போல அசைந்துகொண்டிருந்தது. நான் தலையாட்டினேன். பயப்படத் தோன்றவில்லை.

எனக்கு லேசான ஹீமோஃபிலியா, ரத்தம் சரியாக உறையாத நோய். ஐம்பத்தெட்டு வயதில் கடைவாய்ப் பல் பிடுங்கியபோதுதான் தெரிந்தது. அன்று நின்ற ரத்தம் மறுநாள் திரும்ப வந்தது. பதினேழு பஞ்சு நனைந்தது. அதிலிருந்து ஏழு வருடம் மகனை அலகு குத்த விடவில்லை. ஆண்களுக்கு வரும் நோய், அவன் என் பிள்ளை. கணக்கில் பிழை இருப்பதாக நினைக்கவே இல்லை.

அன்று என் சோதனைக்காகத்தான் பினாங்கு மருத்துவமனைக்குப் போனோம். காத்திருந்த இடத்தில் மின்விசிறி சுற்றச் சுற்ற, நான் பாதித் தூக்கத்தில் தரை ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலி அம்மா என் மகளிடம் பேசினார்.

"எனக்கு வான் வில்பிராண்ட் நோய்மா. மூக்குல ரத்தம் வந்தா துண்டு நனைஞ்சிரும். எங்க அத்தாவுக்கு இருந்துச்சு, தம்பிக்கும் இருக்கு. ஆம்பள பொம்பள பார்க்காது லா."

உள்ளே போனதும், அந்த அம்மாவின் நோயைச் சொல்லி, "அதுவும் என் நோய்தானா?" என்று டாக்டரைக் கேட்டேன்.

"வேற அங்கிள். ரத்தக் குழாய் கிழிஞ்சா தட்டணுக்கள் வந்து அடைக்கும். அதை ஒட்டவைக்கிற பசைதான் அவங்களுக்குக் குறை. உங்களுக்குத் தட்டணு ஒட்டிரும். அது மேல வலை பின்ன எட்டாம் காரணிங்கிற புரதம் பத்தலை. அதான் நின்னது மறுநாள் அவுந்துச்சு."

"அப்போ நாக்குல வேல் குத்தினா?" என்றாள் மகள்.

டாக்டரின் பேனா நின்றது. "யாருக்கு?"

"எனக்கு."

"அங்கிள், இந்தக் குறை எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு. மகனுக்கு நீங்க கொடுத்தது ஒய். அவருக்கு உங்க நோய் போகவே இல்ல. உங்க எக்ஸ் போனது இவங்களுக்குத்தான். அம்மா கொடுத்த எக்ஸ் சிலருக்குப் போதும், சிலருக்குப் போதாது. அளந்துதான் பார்க்கணும். நாக்குன்னா இன்னும் மோசம், உறைஞ்சதை எச்சிலே கரைச்சிரும்."

மகள் என்னைப் பார்த்தாள். "அண்ணன ஏழு வருஷம் கட்டிப் போட்டீங்க. என்னைய பார்த்து தலைய ஆட்டினீங்களேப்பா!"

அன்றே அவளுக்கும் ரத்தம் எடுத்தார்கள்.

அடுத்த ஒன்பது நாளும் தண்ணீருக்குள் நடப்பது போலக் கழிந்தன. அவள் சிரித்தால்கூட ஈறைப் பார்த்தேன். பத்தாம் நாள் முடிவு வந்தது: அவளுடைய எட்டாம் காரணி முப்பத்தொரு சதவீதம். குறைந்தது ஐம்பது இருக்க வேண்டுமாம். வேல் வேண்டாம் என்றார் டாக்டர். பல் பிடுங்குவதானாலும் முதலில் தன்னிடம் வரச் சொன்னார்.

மகன் போனில் சிரித்தான். "அவ நேர்த்திய நான் எடுத்துக்கிறேன். இப்ப உங்க சட்டம் மாறிருச்சுல்லப்பா?"

தைப்பூசத்தன்று அவன் கன்னத்தில் வேல் ஏறியது. ஒரு சொட்டு விபூதியில் ஊறி அங்கேயே நின்றுவிட்டது. மகள் பால்குடத்தோடு முன்னால் நடந்தாள். கூட்டமும் மேளமும் கனவு போல விலகிப் போயின. நான் அவள் காலில் செருப்பு இல்லாததை மட்டும் பார்த்தபடி, சாலையில் கண்ணாடிச் சில்லு கிடக்கிறதா என்று தேடிக்கொண்டே போனேன்.